சேனலில் போடுவதா, மெயில் அனுப்புவதா? குழுவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்தியின் நீளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு வரி என்றால் சாட் கருவியில் இருக்கும் குழுச் சேனல், இரண்டு பத்தி என்றால் மெயில். வேறு சிலர் அவசரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுமே சரிவராது.

“தேதி 21-க்கு மாறிவிட்டது” என்பது மூன்றே சொல். ஆனால் அதைச் சேனலில் மட்டும் போட்டால், அந்தச் சேனலிலேயே இல்லாத விற்பனைப் பிரிவுக்காரர் பழைய தேதியையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். மறுபக்கம், ஒரு பிழையைப் பற்றிய நாற்பது வரி விளக்கம் சேனலில் இருப்பதுதான் நல்லது. அதைப் படித்தவுடன் மூன்று பேர் மூன்று கேள்வி கேட்பார்கள். அந்தப் பதில்களும் அங்கேயே வந்து சேரும்.

ஆகவே இங்கே பார்க்கப்போவது இரண்டு விஷயத்தைத்தான்: இதைப் படிக்க வேண்டியவர்கள் யார், பிறகு இதைத் தேடி வரப்போகிறவர்கள் யார். மற்றதெல்லாம் இவற்றைத் தொடர்ந்து வருபவை.

## 1. தொடங்கும் முன் தெரிந்துவைக்க வேண்டியவை

முதலில், உங்கள் சாட் கருவியில் பழைய செய்திகள் எவ்வளவு காலம் இருக்கும் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். ஓராண்டுக்கு மேல் பழையவை அழிக்கப்பட்டுவிடும். கூகுள் சாட்டில் ‘ஹிஸ்டரி’ அணைக்கப்பட்டிருந்தால் செய்தி 24 மணி நேரத்தில் போய்விடும். பணம் கட்டும் திட்டமாக இருந்தாலும், இத்தனை மாதம் கழித்துத் தானாக அழியட்டும் என்று நிர்வாகி ஒரு விதி வைத்திருக்கலாம். இது தெரியாமல் “சேனலில்தான் இருக்கிறதே, தேடிக்கொள்ளலாம்” என்று நினைப்பது ஆபத்து.

இரண்டாவது, சேனலின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து ஒருமுறை படியுங்கள். சேனலின் பெயரை வைத்து யார் யார் இருப்பார்கள் என்று ஊகிக்காதீர்கள். பில்லிங் சேனல் என்றால் கணக்குப் பிரிவும் இருக்கும் என்றுதான் தோன்றும். பல இடங்களில் இருக்காது. அதேபோல, வெளியிலிருந்து விருந்தினர் கணக்கில் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாடிக்கையாளர் தரப்பு ஆள் இருக்கும் சேனலில் உள்விவகாரம் பேசியவர்கள் உண்டு.

மூன்றாவது, பதில் எவ்வளவு நேரத்தில் வரும் என்று குழுவுக்குள் ஒரு பேச்சு இருக்க வேண்டும். உதாரணமாக, சேனலில் டேக் செய்தால் அன்றைக்குள், மெயிலுக்கு அடுத்த வேலைநாளுக்குள், உடனே வேண்டுமென்றால் போன். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே கணக்காக இருந்தால் சரி. இது இல்லாத குழுவில் மெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் பதில் வரவில்லை என்று சேனலில் “மெயில் பாத்தீங்களா?” என்று கேட்பார்கள். அப்புறம் மெயில் அனுப்பியதன் பயனே இல்லை.

## 2. படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

எங்கே அனுப்புவது என்று யோசிக்கும் முன், இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எதிரே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். “லாகைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.” “புதிய தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.” “ஒப்புதல் தர வேண்டும்.”

ஒரே வரியில் வரவில்லை என்றால், பெரும்பாலும் அதற்குள் இரண்டு செய்தி இருக்கிறது. “டெஸ்டில் மொத்தம் தப்பா வருது, யாராவது பாருங்க, அப்புறம் வெளியீட்டை ஒரு வாரம் தள்ளலாமா?” என்பது புதியவர்கள் அடிக்கடி எழுதும் வகை. முதல் பாதி உதவி கேட்பது. இரண்டாம் பாதி ஒரு முடிவைக் கேட்பது. முதல் பாதிக்குப் பத்து நிமிடத்தில் பதில் குவியும். அந்தக் குவியலில் இரண்டாம் பாதி புதைந்துபோகும். சாயங்காலம் ஒருவர் “தள்ளியாச்சுன்னு நினைச்சேன்” என்பார், இன்னொருவர் “யாருமே சரின்னு சொல்லலையே” என்பார்.

எனவே முதலில் பிரியுங்கள். பிரித்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடுத்த படிகளில் ஓட்டிப் பாருங்கள்.

## 3. முதல் கேள்வி: படிக்க வேண்டிய எல்லோரும் சேனலுக்குள் இருக்கிறார்களா?

இந்தக் கேள்வி முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒருவர் வெளியே இருந்தாலும், சேனல் அந்தச் செய்திக்கு முதன்மையான இடமாக இருக்க முடியாது. வேறு எந்தக் காரணமும் இதை மாற்றாது.

வெளியே இருப்பவருக்கு இணைப்பை அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஸ்லாக்கில் “Copy link” கொடுத்து எடுக்கும் இணைப்பு, அந்தச் சேனலைப் பார்க்கும் உரிமை இருப்பவருக்குத்தான் திறக்கும். தனிச்சேனலாக இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. திறந்தாலும், நாற்பது செய்திகளுக்கு நடுவே தனக்கான வரி எது என்று தேட வேண்டிய வேலை அவர் தலையில் விழுகிறது.

அவரைச் சேனலில் சேர்த்துவிடுவதும் நல்ல வழியல்ல. ஒரு தேதியைத் தெரிந்துகொள்ள வந்தவர் தினமும் நூறு செய்தியின் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது நாளே அறிவிப்பை அணைத்துவிடுவார். பிறகு பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இது அவர் சேனலில் இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

விடுப்பில் இருப்பவரையும் வெளியே இருப்பவராகவே கணக்கில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து வருபவர் மெயிலைப் படிக்காததிலிருந்து வரிசையாகப் பார்ப்பார். சேனல்களை அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு அன்றைய வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

## 4. இரண்டாவது கேள்வி: பிறகு இதை யார் தேடுவார்கள்?

எல்லோரும் சேனலுக்குள் இருக்கிறார்கள் என்றால் இந்தக் கேள்விக்கு வாருங்கள். மூன்று மாதம் கழித்து யாராவது இந்தச் செய்தியைத் தேடுவார்களா? தேடினால், யார்?

யாரும் தேட மாட்டார்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், சேனல்தான். “இன்றைய மீட்டிங் பத்து நிமிடம் தள்ளி”, “டெஸ்ட் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறேன்”, “இந்த ஸ்கிரீன்ஷாட்டில் பட்டன் சரியான இடத்தில் இருக்கிறதா?” இவையெல்லாம் சாயங்காலத்துக்குள் காலாவதியாகிவிடும். இவற்றை மெயிலாக அனுப்பினால் அடுத்தவரின் இன்பாக்ஸில் குப்பைதான் சேரும்.

தேடுவார்கள், ஆனால் தேடப்போவது இதே குழுவில் வேலை செய்பவர்கள் என்றால், அதுவும் சேனல்தான். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முக்கியமானது, பின்னால் வேண்டும், ஆகவே மெயில் என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: அடுத்த ஆண்டு குழுவில் சேரப்போகும் ஒருவருக்கு, இன்றைக்கு நீங்கள் அனுப்பும் மெயில் எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. பொதுச்சேனலில் இருந்தால் தேடினால் கிடைக்கும். ஒரு பிழையை எப்படிக் கண்டுபிடித்தோம், ஏன் இந்த வழியில் சரிசெய்தோம் என்பது போன்ற விஷயத்துக்குச் சேனலே நல்ல இருப்பிடம், படி 1-இல் கேட்ட காலவரம்பு இடம் கொடுத்தால்.

திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும் செயல்முறை, அமைப்பு விவரம் போன்றவை இரண்டிலும் சேராது. அவற்றை ஒரு ஆவணப் பக்கத்தில் எழுதிவிட்டு, சேனலில் அதற்கு இணைப்பு மட்டும் போடுங்கள்.

தேடப்போவது வேறு பிரிவு, மேலதிகாரி, வாடிக்கையாளர், தணிக்கை செய்பவர் என்றால் மெயில். தேதி, பணம், பொறுப்பு, வாக்குறுதி ஆகிய நான்கில் ஒன்று மாறுகிறது என்றால் இப்படிப்பட்ட ஒருவர் கட்டாயம் தேடி வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் ஏன் என்றால், அனுப்பியபின் அது பெறுநர்களின் பெட்டியில் ஒரு பிரதியாக இருக்கிறது. அனுப்பியவர் நினைத்தாலும் அதைத் திருத்த முடியாது. ஜிமெயிலில் “Undo send” இருக்கிறதே என்றால், அதன் அதிகபட்ச அவகாசம் 30 விநாடி. சேனல் செய்தியைப் பெரும்பாலான கருவிகளில் அடுத்த மாதம்கூடத் திருத்தலாம், அழிக்கலாம்; “edited” என்ற சின்னச் சொல் நிற்கும், முன்பு என்ன இருந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. உரையாடலுக்கு இந்த வசதி நல்லதுதான். யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதற்கு இது உதவாது.

இதே காரணத்தால்தான், சேனலில் கட்டைவிரல் எமோஜி விழுந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஒருவருக்கு அது “சம்மதம்”, இன்னொருவருக்கு “படித்தேன்”. போட்ட எமோஜியைச் சுவடில்லாமல் எடுத்துவிடவும் முடியும்.

## 5. மூன்றாவது கேள்வி: பதில் எப்போது வேண்டும்?

இது கடைசிக் கேள்வி. அன்றைக்குள் முன்னும் பின்னும் பேச வேண்டியது என்றால் சேனல். யோசித்து ஒரே பதிலாகச் சொல்ல வேண்டியது என்றால் மெயில். சர்வர் விழுந்துவிட்டது, இப்போதே ஆள் வேண்டும் என்றால் இரண்டுமில்லை; போன் செய்துவிட்டுச் சேனலில் ஒரு வரி போடுங்கள்.

அவசரத்தை முதல் கேள்வியாக வைத்தால் எல்லாமே சேனலுக்குத்தான் போகும். அனுப்புகிறவருக்குத் தன் செய்தி எப்போதும் அவசரமாகத்தானே தெரியும்! அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

ஒருவருடைய வேலையைக் குறை சொல்வது, சம்பளம், உடல்நலம் போன்றவை இந்த மூன்று கேள்விக்குள் வரவே கூடாது. முதலில் நேரில் அல்லது போனில் பேசுங்கள். பாஸ்வேர்டையும் இரண்டிலும் போடாதீர்கள். அதற்கென்று இருக்கும் பாஸ்வேர்டு பெட்டகத்தில் பகிருங்கள்.

## 6. சேனலில் தொடங்கி முடிவில் முடியும் பேச்சு

மேலே உள்ள கேள்விகள் புதிதாக எழுதப்போகும் செய்திக்குப் பொருந்தும். ஆனால் நடைமுறையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். சேனலில் சரியாகவே தொடங்கிய ஒரு பேச்சு, யாரும் கவனிக்காமல் ஒரு முடிவாக மாறிவிடுகிறது. எந்த நிமிடத்தில் மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் பழக வேண்டியது. ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

ஒரு குழு பில் போடும் மென்பொருள் ஒன்றைச் செய்கிறது. புதிய பதிப்பு 14-ஆம் தேதி திங்கட்கிழமை வெளியாக வேண்டும். 10-ஆம் தேதி வியாழன் காலை, டெஸ்டிங் செய்பவர் குழுச் சேனலில் இப்படிப் போடுகிறார்:

> 33.33 விலையில் 3 பொருள், 10% தள்ளுபடி. திரையில் மொத்தம் 90.00 வருது, பிரிண்டில் 89.99 வருது. ஸ்கிரீன்ஷாட் த்ரெட்டில். பேக்எண்ட்ல யாராவது மதியத்துக்குள்ள பாக்க முடியுமா?

இது சேனலுக்கே உரிய செய்தி. உதவக்கூடியவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அந்தச் செய்தியின்கீழ் பதில்கள் சேரும் த்ரெட்டில் காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது. திரையில் ஒவ்வொரு வரிக்கும் தள்ளுபடி போட்டு இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குகிறார்கள்: 33.33-இல் 10% போனால் 29.997, அது 30.00 ஆகிறது, மூன்று சேர்ந்து 90.00. பிரிண்டில் மொத்தம் 99.99-இல் தள்ளுபடி போடுகிறார்கள்: 89.991, அது 89.99 ஆகிறது. இவ்வளவும் சேனலில் இருக்க வேண்டியதே. நாளைக்கு இதே நிரலைத் தொடப்போகும் ஆள் இதைத்தான் தேடுவார்.

மதியம் ஒருவர், “ரெண்டு இடத்திலும் மொத்தத்தில் முழுமையாக்குறதா மாத்தணும். அப்போ பழைய டெஸ்ட் எல்லாம் திரும்ப ஓட்டணும். திங்கள் முடியாது” என்கிறார். குழுத்தலைவர், “சரி, அப்போ 21” என்கிறார். நான்கு கட்டைவிரல்கள் விழுகின்றன. பேச்சு அடுத்த பிழைக்குப் போய்விடுகிறது.

இந்த “சரி, அப்போ 21” தான் அந்த நிமிடம். இதற்குமுன் வரை பேச்சு, இங்கே ஒரு தேதி மாறிவிட்டது. இப்படிப்பட்ட நிமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் உண்டு: “சரி, அப்போ”, “அப்படியே வச்சிக்கலாம்”, “நான் பாத்துக்கறேன்”, “இப்போதைக்கு வேண்டாம்”. இவற்றில் ஒன்றைப் பார்த்தால் நின்று, குழுவுக்கு வெளியே இதனால் யாருடைய வேலை மாறுகிறது என்று கேளுங்கள். இங்கே சப்போர்ட் பிரிவு 14 என்று மூன்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. விற்பனைப் பிரிவு திங்களன்று செயல்விளக்கம் வைத்திருக்கிறது. இருவரும் சேனலில் இல்லை.

இப்போது மெயில் எழுத வேண்டும். யார் எழுதுவது? முடிவை அறிவித்தவர் எழுத வேண்டும், அல்லது அவர் அந்தத் த்ரெட்டிலேயே ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். “யாராவது மெயில் போட்டுடுங்க” என்றால் யாரும் போட மாட்டார்கள். எப்போது? அன்றைக்கே. அடுத்த நாள் என்றால், சரியாக என்ன முடிவானது என்பதில் ஆளுக்கொரு நினைவு வந்துவிடும்.

> To: சப்போர்ட் பிரிவு, விற்பனைப் பிரிவு, பேக்எண்ட் குழு, டெஸ்டிங் குழு
> Cc: திட்ட மேலாளர்
> பொருள்: முடிவு: பில்லிங் வெளியீடு 14-லிருந்து 21-க்கு மாற்றம்
>
> பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு 14 திங்களன்று வெளியாகாது. 21 திங்களன்று வெளியாகும்.
>
> காரணம்: தள்ளுபடி போடும்போது திரையிலும் பிரிண்டிலும் மொத்தம் 0.01 வித்தியாசப்படுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே கணக்காக மாற்றியபின் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும்.
>
> செய்ய வேண்டியவை:
> பேக்எண்ட் குழு: திருத்தம், 15 செவ்வாய் மாலைக்குள்.
> டெஸ்டிங் குழு: மறுசோதனை, 17 வியாழனுக்குள்.
> சப்போர்ட் பிரிவு: தேதி சொல்லப்பட்ட மூன்று வாடிக்கையாளர்களுக்குத் தகவல், 11 வெள்ளி மாலைக்குள்.
> விற்பனைப் பிரிவு: திங்கட்கிழமைச் செயல்விளக்கத்தைப் பழைய பதிப்பில் நடத்தலாமா என்று முடிவு செய்து சொல்லவும்.
>
> இந்தத் தேதியில் சிக்கல் இருந்தால் 11 வெள்ளி பகல் 12 மணிக்குள் இந்த மெயிலுக்கே பதில் அனுப்புங்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பொருள் வரியிலேயே முடிவு இருக்கிறது. மெயிலைத் திறக்காதவருக்கும் விஷயம் போய்விடும், மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்கும் கிடைக்கும். பழைய தேதி, புதிய தேதி இரண்டும் இருக்கின்றன. புதிய தேதியை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு மாறியதே உறைக்காது. காரணம் இரண்டே வாக்கியம், 29.997 கணக்கெல்லாம் சப்போர்ட் பிரிவுக்கு வேண்டாம். வேலை இருப்பவர்கள் எல்லோரும் To வரிசையில், தெரிந்தால் போதும் என்பவர் Cc-இல். Cc-இல் பெயர் வைத்துவிட்டு உள்ளே அவருக்கு வேலை கொடுப்பது பெரிய தவறு, பலர் தங்களுக்கு Cc-இல் வந்த மெயிலைக் கடைசியாகத்தான் படிக்கிறார்கள்.

த்ரெட்டின் இணைப்பை இதில் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் மெயில் அந்த இணைப்பு இல்லாமலும் புரிய வேண்டும். “விவரம் கீழே உள்ள த்ரெட்டில்” என்று மட்டும் எழுதி அனுப்புவதை மெயில் என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

வாடிக்கையாளருக்கு இதே மெயிலை ஃபார்வர்டு செய்யக் கூடாது. அவருக்குச் சப்போர்ட் பிரிவு தனியாகப் புதிய தேதியையும், அவர் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். த்ரெட்டுக்குத் திரும்பி வந்து மூடுங்கள்:

> 21-ன்னு முடிவு. எல்லாருக்கும் மெயில் போயாச்சு, பொருள் “முடிவு: பில்லிங் வெளியீடு 14-லிருந்து 21-க்கு மாற்றம்”. தேதி பத்தி சொல்லணும்னா மெயில்லயே சொல்லுங்க. திருத்தம் பத்தி இங்கேயே தொடரலாம்.

பொருள் வரியை அப்படியே ஒட்டுவதற்குக் காரணம், மெயிலுக்கு எல்லோருக்கும் பொதுவான இணைப்பு கிடையாது. உங்கள் பிரவுசரில் தெரியும் முகவரி உங்கள் இன்பாக்ஸுக்குத்தான் போகும். அடுத்தவர் பொருள் வரியை வைத்துத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

## 7. எதிர்த் திசை: மெயிலில் தொடங்கியதைச் சேனலுக்குக் கொண்டுவருவது

ஒரு மெயிலுக்கு மூன்றாவது சுற்றுப் பதில் ஓடிக்கொண்டிருந்தால், அல்லது ஒரே மெயிலுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதில் போட்டு இழை இரண்டாகப் பிரிந்துவிட்டால், அது பேச்சாகிவிட்டது. மெயிலில் பேச்சை நடத்துவது கஷ்டம். யார் எந்தப் பதிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்றே தெரியாமல் போகும்.

அப்போது மெயிலில் ஒரு வரி எழுதுங்கள்: “இதைச் சேனலில் பேசி முடித்துவிட்டு, நாளை மாலைக்குள் முடிவை இதே மெயிலில் எழுதுகிறேன்.” அப்புறம் சேனலில் கேள்வியை மட்டும் சுருக்கமாகப் போடுங்கள். முழு மெயில் இழையையும் அங்கே ஒட்டாதீர்கள். நீளம் மட்டும் காரணமல்ல, அதற்குள் சேனலில் இருப்பவர்கள் பார்க்கக் கூடாத வாக்கியம் ஏதாவது கீழே ஒளிந்திருக்கும். சொன்னபடி முடிவை மெயிலுக்குத் திரும்பக் கொண்டுபோக மறந்தால், சேனலில் இல்லாதவர்களுக்குப் பேச்சு பாதியில் நின்றுபோனதாகவே இருக்கும்.

## 8. சேனலில் போடுவது என்று முடிவானபின்

“வணக்கம்” என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். எதிரே இருப்பவர் திறந்து பார்த்து, பதில் எழுதி, நீங்கள் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வணக்கமும் கேள்வியும் ஒரே செய்தியில் இருக்கட்டும். நான்கு வரியை நான்கு செய்தியாக உடைத்துப் போடுவதும் அப்படித்தான். நான்கு முறை அறிவிப்பு அடிக்கும், த்ரெட்டை எந்த வரியின்கீழ் தொடங்குவது என்றும் தெரியாது.

முதல் செய்தியில் என்ன வேண்டும், யாரிடமிருந்து, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட், லாக் எல்லாம் த்ரெட்டுக்குள் போகட்டும். அப்போதுதான் சேனலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு விஷயமும் ஒரு தலைப்பாகத் தெரியும்.

டேக் விஷயத்தில் கொஞ்சம் கட்டுப்பாடாக இருங்கள். ஸ்லாக்கில் `@channel` போட்டால் சேனலில் இருக்கும் எல்லோருக்கும் அறிவிப்பு போகும். `@here` போட்டால் அந்த நேரத்தில் செயலில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும். ஒருவரிடம் கேள்வி என்றால் அவர் பெயரை மட்டும் டேக் செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு `@channel` அடிப்பவரின் அடுத்த செய்தியை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

## 9. புதியவர்கள் அடிக்கடி செய்வது

ஒரே செய்தியை இரண்டு இடத்திலும் முழுதாகப் போடுவது. எதிலாவது பார்த்துவிடுவார்கள் என்ற எண்ணம். நடப்பது என்னவென்றால், பாதிப் பதில் சேனலிலும் பாதிப் பதில் மெயிலிலும் வரும், யாரிடமும் முழுப்படம் இருக்காது. முழுச் செய்தி ஓரிடத்தில், மற்ற இடத்தில் ஒரு வரி மட்டும். அந்த வரியில் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

தனிச்செய்தியில் ஒளிந்துகொள்வது. பொதுவில் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பார்கள். மூவரும் தனித்தனியாக நேரம் செலவழித்து ஒரே பதிலைத் தேடுவார்கள். குழுவேலை பற்றிய கேள்வி என்றால் சேனலில் கேளுங்கள். யாராவது உங்களிடம் தனியாகக் கேட்டால், “இதைச் சேனலில் போடுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்” என்று அன்பாகத் திருப்பிவிடுங்கள்.

மௌனத்தைச் சம்மதமாக எடுப்பது. சேனலில் “யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?” என்று கேட்டு, அரை மணி நேரத்தில் “சரி, அப்போ முடிவு” என்று போடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆட்சேபம் கேட்பதென்றால் மெயிலில், நாளும் மணியும் குறித்துக் கேளுங்கள். கட்டாயம் ஒப்புதல் வேண்டிய ஒருவர் இருந்தால், அவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை முடிவாகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெயில் ஒன்றை எடுத்து, அதற்குப் பதில் என்று அழுத்தி, சம்பந்தமில்லாத புதிய விஷயத்தை எழுதுவது. முகவரிகள் தயாராக இருக்கின்றன என்ற சோம்பல்தான். பொருள் வரி பழையதாகவே இருப்பதால் தேடும்போது சிக்காது. பழைய முகவரிப் பட்டியலில் இந்த விஷயம் தெரியக் கூடாத ஒருவர் இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

இந்தத் தவறுகள் உங்கள் குழுவில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு வழி: கடந்த மாதம் மாறிய ஏதாவது ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அந்தப் பேச்சில் இல்லாத ஒருவரிடம், அது எப்போது, ஏன் மாறியது என்று தேடிச் சொல்லச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார் என்றால் சரி. “ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்றேன்” என்றால், படி 6-இல் சொன்ன மெயில் அன்றைக்குப் போகவில்லை.